விலையை இழுப்பது எது, தள்ளுவது எது?

புறக்கோட்டையில் ஒரு பொருளின் விலை ஏறினால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு விற்கிறது என்பதைத்தான். விலையும் கூடி விற்பனையும் கூடினால், மக்கள் கையில் பணம் அதிகம். அது கேள்வி இழுப்புப் பணவீக்கம். விலை கூடி விற்பனை படுத்தால், பொருளைக் கொண்டுவரும் செலவோ வரியோ ஏறியிருக்கிறது. அது செலவுத் தள்ளல். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் இரண்டையும் ஒரே சதவீதமாகத்தான் காட்டும். ஆனால் இரண்டுக்கும் தீர்வு வேறு. வட்டியைக் கூட்டினால் மக்கள் வாங்குவது குறையும், வரியோ கொண்டுவரும் செலவோ குறையாது.

2024 ஜனவரியை எடுப்போம். வற் வரி 15இலிருந்து 18 சதவீதமானது. வரிக்கு முன் 1000 ரூபாயான பொருள் 1150இலிருந்து 1180 ஆனது, அதாவது சுமார் 2.6 சதவீத ஏற்றம். முன்பு விலக்குப் பெற்றிருந்த பல பொருட்களுக்கும் வரி வந்ததால், ஆண்டுப் பணவீக்கம் டிசம்பரின் 4.0இலிருந்து 6.4 ஆனது. வட்டியைக் கூட்டியிருந்தால் அந்த 30 ரூபாய் குறைந்திருக்காது. ஏற்கெனவே வாங்கத் திணறிய குடும்பமும் கடனில் ஓடும் கடையும்தான் இன்னும் நொந்திருக்கும். மத்திய வங்கி கூட்டவில்லை. மார்ச்சில் மின்கட்டணம் குறைந்தது, பணவீக்கம் 0.9க்கு இறங்கியது. அதே மாதம் வங்கி வட்டியை அரை சதவீதப் புள்ளி குறைத்தது. சரியான முடிவு என்பேன்.

2022 அப்படியல்ல. எரிபொருள் தட்டுப்பாடும் உரத்தடையால் விழுந்த விளைச்சலும் செலவுப் பக்கம்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் வரியைக் குறைத்துவிட்டு, வரவு செலவுப் பள்ளத்தை மத்திய வங்கி அச்சடித்த காசால் நிரப்பியிருந்தார்கள். அந்தக் காசு டொலரைத் துரத்தியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பருப்பின் விலையேற்றம் பார்வைக்குச் செலவுத் தள்ளல். அதன் வேரில் பாதி கேள்வி. அதனால்தான் ஏப்ரலில் கடன் வழங்கும் வட்டி வீதத்தை 7.5இலிருந்து 14.5க்கு ஒரே அடியாக ஏற்றினார்கள். சிறு வியாபாரிகளை அது முறித்தது உண்மை. ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை. செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த செப்டெம்பரில் 1.3 ஆனது.

செலவுத் தள்ளல் என்றால் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளவத்தையில் சோற்றுப் பார்சல் விலையைக் கவனியுங்கள். காஸ் விலை கூடும்போது அது ஏறுகிறது. காஸ் இறங்கினாலும் பார்சல் பெரிதாக இறங்குவதில்லை. அடுத்து ஓட்டோக் கட்டணம், பிறகு சம்பளக் கோரிக்கை. எல்லோரும் அடுத்த மாதமும் ஏறும் என்று எண்ணியே விலை வைக்கத் தொடங்கிவிட்டால், முதல் காரணம் எரிபொருளோ வரியோ என்பது பொருட்டே இல்லை. வட்டியைத் தொட்டே ஆகவேண்டும். உணவும் எரிபொருளும் நீங்கலான மையப் பணவீக்கம் சில மாதங்கள் தொடர்ந்து ஏறுவது அதற்கான அறிகுறி.