நாள்வழிக் கணக்கா, வயல்வாரிக் கணக்கா?

காவிரி டெல்டாவில் எங்களைப் போன்றோர் வீட்டில் பொதுவாக இருப்பது நாள்வழிக் கணக்குதான். நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை என்று செலவான அன்றே வரிசையாக எழுதி, போகம் முடிந்ததும் நெல் விற்ற வரவிலிருந்து கழித்துப் பார்ப்போம். இதில் எதுவும் விடுபடாது. ஆனால் எந்த வயல் சம்பாதித்தது என்பது தெரியாது. வயல்வாரிக் கணக்கில் ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பக்கம் உண்டு.

எடுத்துக்காட்டாக, 2 ஏக்கர் மேட்டு வயலும் 1 ஏக்கர் பள்ள வயலும் கொண்ட ஒரு சம்பா போகத்தைப் பார்ப்போம். வரவு 1,39,200 ரூபாய், செலவு 96,000 ரூபாய் என்றால், நாள்வழிக் கணக்கு ஏக்கருக்கு 14,400 ரூபாய் லாபம் என்று காட்டும். அதையே வயல்வாரியாகப் பிரித்தால், மேட்டில் வரவு 96,000, நேரடிச் செலவு 56,000. பள்ளத்தில் வரவு 43,200, நேரடிச் செலவு 34,000. ஈரம் காயாத பள்ளத்தில் பெல்ட் இயந்திரம்தான் இறங்கும், அதற்கு மணி வாடகையும் கூடுதல் என்பதால் அங்கே ஏக்கர் செலவு ஏறிவிடுகிறது.

மீதி 6,000 ரூபாய் மோட்டார் பழுதுபார்த்த பொதுச் செலவு. வயல்வாரிக் கணக்கு தடுமாறும் இடம் இதுதான். பரப்பளவுப்படி பிரித்தால் பள்ளத்தின் தலையில் 2,000 விழும். ஆனால் மோட்டார் பெரும்பாலும் ஓடியது மேட்டுக்குத்தான். ஓடிய நேரப்படி மேட்டுக்கு 5,000, பள்ளத்துக்கு 1,000 என்று எழுதுவதே நியாயம் என்பது என் கருத்து. அப்போது ஏக்கர் லாபம் மேட்டில் 17,500, பள்ளத்தில் 8,200.

இந்த இடத்திலேயே கணக்கை மூடினால், பள்ளத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றே தோன்றும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக நிற்கும் பயிரிலேயே தெளித்த உளுந்தை அதே பக்கத்தில் தொடர்ந்து எழுதிப் பாருங்கள். வடிகால் சரியாக இருந்து மழையும் குறுக்கிடாத ஆண்டில், பள்ளத்து மண்ணில் தங்கிய ஈரமே உளுந்தை வளர்த்து ஏக்கருக்கு 12,000 மிச்சம் தருகிறது. மேட்டிலோ காய்ச்சலில் பூ உதிர்ந்து 2,000தான் மிஞ்சுகிறது. இரு போகமும் சேர்ந்தால் பள்ளம் 20,200, மேடு 19,500. ஆகவே பக்கத்தைப் போகம் முடிந்ததும் மூடாமல், ஆண்டு முழுக்கத் தொடர வேண்டும்.

வயல்வாரிக் கணக்கின் பலவீனம், பிறகு நினைவிலிருந்து பிரித்து எழுதுவது. அறுவடை ரசீதில் 5 மணி நேரம் என்று மட்டும் இருந்தால், பள்ளத்தில் எத்தனை மணி ஓடியது என்பதை மாசியில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் நாள்வழி நோட்டிலேயே ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘மே’, ‘ப’, ‘பொது’ என்று அன்றன்றே குறித்து, மாதக் கடைசியில் வயல் பக்கங்களுக்கு ஏற்றுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். பொதுச் செலவைப் பிரித்து எழுதிய பின் வயல் பக்கங்களின் கூட்டுத்தொகை நாள்வழிக் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகாவிட்டால், ஏதோ ஒரு வரி ஏறவில்லை, இரண்டு முறை ஏறிவிட்டது அல்லது தொகை தவறாக ஏறிவிட்டது என்று பொருள்.