புக்கிங்கா, தங்கக் கடனா? சௌகார்பேட்டை பட்டறைக் கணக்கு

எங்கள் பட்டறையில் 22 காரட் வளையல்தான் பிரதான வேலை. தி.நகர் கடைகளுக்குச் செய்து தருகிறோம். மூலப்பொருளுக்கு இரண்டு வழிகளையும் பல வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, தங்கக் கட்டி விற்கும் சேட்டிடம் இன்றைய விலையில் பேசி வைத்து, கட்டியைப் பின்னால் எடுக்கும் ஃபார்வர்ட் புக்கிங். இன்னொன்று, கட்டியை இப்போதே வாங்கிக்கொண்டு விலையைப் பிறகு முடிக்கும் தங்கக் கடன். இரண்டில் எது நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "உங்க விற்பனை விலை எப்ப முடிவாகுது?" என்பதைத்தான்.

கடைக்காரர் இன்றைய ரேட்டிலேயே ஆர்டரை முடித்துவிட்டார் என்று வையுங்கள். 500 கிராம் 916 வளையல், மூன்று வாரத்தில் டெலிவரி. அதில் சொக்கத்தங்கம் 458 கிராம். திரும்பக் கிடைக்காத தூளுக்கு ஐந்து கிராம் சேர்த்தால் 463. இதற்குப் புக்கிங்தான் சரி. நான் வாங்கும் இடத்தில் 100 கிராம் மடங்கில்தான் புக் செய்வார்கள். அதனால் 400 கிராமைப் புக் செய்து, மீதி 63 கிராமை அன்றே ரொக்கத்துக்கு வாங்கிவிடுவேன். கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். மூன்று வாரம் கழித்துத் தருவதற்கு 10,060 கேட்டால், அந்த 60 ரூபாய் அவர் பணம் முடங்குவதற்கான வட்டி. 400 கிராமுக்கு 24,000 ரூபாய். அதைக் கூலியில் சேர்த்துத்தான் கடைக்கு விலை சொல்ல வேண்டும்.

புக்கிங்கில் வலி விலை ஏறும்போது வராது, இறங்கும்போதுதான் வரும். புக்கிங்குக்கு ஈடாக, 10 சதவீத மார்ஜின் என்று நான்கு லட்சம் கட்டியிருப்போம். கிராம் 9,500 ஆனால் சேட் இன்னும் இரண்டு லட்சம் கேட்பார். அதே சமயம் கடைக்காரருக்கும் ஆர்டரை விட்டுவிடலாமா என்று தோன்றும். ஆகவே கடையிலிருந்து வாங்கும் முன்பணம் நாம் கட்டும் மார்ஜினைவிடக் குறையக் கூடாது. முன்பணம் தராதவருக்கு நான் ரேட்டை முடிப்பதில்லை. அப்புறம், புக்கிங் எழுத்தில் இருக்க வேண்டும்: எடை, சுத்தம் 995-ஆ 999-ஆ, விலை, தேதி. கட்டி கைமாறாமல் வித்தியாசப் பணத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அது டப்பா வியாபாரம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டெலிவரி அன்றைய ரேட்டில்தான் பில் என்று சொல்லும் கடைகளுக்கு வேறு கணக்கு. அங்கே புக்கிங் செய்து வைத்தால், விலை இறங்கிய நாளில் நஷ்டம் நம் தலையில். தங்கக் கடன் பொருந்துவது இங்கேதான். 500 கிராம் கடன், வருடம் 5 சதவீதம், 60 நாள் என்றால் வட்டி சுமார் 41,000 ரூபாய். நகை விற்ற அன்றே, அதிலுள்ள சொக்கத்தங்கத்துக்கு மட்டும் சேட்டிடம் ரேட் கட் செய்துவிடுகிறேன், அதாவது அன்றைய ரேட்டில் விலையை முடித்துவிடுகிறேன். விற்ற விலையும் வாங்கிய விலையும் ஒரே நாளில் முடிவதால் நடுவில் விலை எங்கே போனாலும் கவலையில்லை. ஆனால் இதில் மார்ஜின் தொல்லை தலைகீழ்: விலை ஏறினால் கடனின் மதிப்பும் ஏறும், கூடுதல் ஈடு கேட்பார்கள்.

கடன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். இருப்புக் கட்டி, வேலையில் இருப்பது, விற்காத நகை, தூள் எல்லாவற்றையும் சொக்கமாக்கிக் கூட்டுங்கள். ரேட் கட் ஆகாத கடன் எடையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் 300 கிராம் பாக்கி, கையில் 220 என்றால், 80 கிராமை விற்றுவிட்டு விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம் என்று அர்த்தம். அது சூதாட்டம்தான். கணக்குப்பிள்ளை இதைத் தினமும் சாயங்காலம் எழுதி வைக்கிறார்.

பலர் கவனிக்காத விஷயம் சுங்க வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் அது 15 சதவீதத்திலிருந்து 6 ஆனபோது உள்ளூர் விலை ஒரே நாளில் சரிந்தது. அந்தக் காலாண்டில் டைட்டன் போன்ற பெரிய நிறுவனங்களே இருப்பில் நஷ்டம் காட்டின. காரணம், வங்கித் தங்கக் கடனில் பொதுவாக வரியை முதலிலேயே கட்டிவிடுகிறோம். பிறகு ரேட் கட் செய்வது சர்வதேச விலைக்கும் டாலருக்கும் மட்டும். வரி குறைந்தால் நகையின் விலை இறங்கும், கட்டிய வரி திரும்பாது. உள்ளூர் ரேட்டிலேயே கட் செய்யும் சப்ளையர் கடனில் இந்த ஓட்டை இல்லை. எம்சிஎக்ஸ் முன்பேரச் சந்தை விலையிலும் வரி அடங்கியிருப்பதால், அங்கே விற்று வைத்தவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வட்டி அரை சதவீதம் கூடுதலானாலும் நான் சேட்டின் கடனையே எடுப்பது இதற்காகத்தான்.