டே கேரை விட்டு நின்றபோது: ஆயாவுக்கு ஐந்து நட்சத்திரம், ஆபீஸுக்கு ஒன்றரை

வேளச்சேரிப் பக்கம் ஒரு டே கேர். இருபது மாதம் குழந்தையை விட்டிருந்தோம். பிரீ கேஜியில் இடம் கிடைத்துவிட்டதால் நிறுத்தினோம். அதே இடத்தில் தன் பெண்ணைச் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார், அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். காலை எட்டு முதல் மாலை ஆறரை, கேமரா, ஏசி, தூங்கும் அறை எல்லாம் மற்ற இடங்களில் இருப்பது போலத்தான். அதை விட்டுவிடுகிறேன். சேரும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நிறுத்தும்போது கணக்கை எப்படி முடிப்பார்கள்?

அட்மிஷன் பாரத்தில் இரண்டு வரி. ஒன்று, "நிறுத்துவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு." அதற்கு நான்கு வரி கீழே இன்னொன்று, "மாதத்தின் ஒரு பகுதிக்கும் முழு மாதக் கட்டணம்." தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நியாயமாகத்தான் தெரியும். சேர்த்துப் படித்தால்தான் செலவு புரியும். முன்னறிவிப்பை எந்தத் தேதியில் கொடுத்தாலும், அந்த 30 நாள் அடுத்த மாதத்துக்குள் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தாலும் அந்த மாதம் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

நாங்கள் கடிதம் கொடுத்தது மார்ச் 12. கொடுத்த நாளைக் கணக்கில் எடுப்பதில்லை, 13-இலிருந்து எண்ண வேண்டும். மார்ச்சில் 19 நாள், ஏப்ரலில் 11 நாள், ஆக ஏப்ரல் 11-உடன் முடிகிறது. மாதக் கட்டணம் 9,000, சாப்பாட்டுக்குத் தனியாக 1,500. நாளுக்கு 300-ம் 50-ம் என்று வைத்தால் 11 நாளைக்கு 3,850 ரூபாய். கட்டிய டெபாசிட் 10,000. அப்படியானால் 6,150 ரூபாய் திரும்ப வர வேண்டும். இது நம் வீட்டுக் கணக்கு.

ஆபீஸ் கணக்கு வேறு. ஏப்ரல் முழு மாதம் 10,500, அதன் மேல் புதிய கல்வியாண்டுக்கான ஆண்டுக் கட்டணம் 6,000, மொத்தம் 16,500. டெபாசிட்டைக் கழித்தால் நாங்கள் இன்னும் 6,500 கட்ட வேண்டுமாம். வர வேண்டியது 6,150, கேட்பது 6,500, இடைவெளி 12,650 ரூபாய். கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபம் முழுவதும் சரியான இடத்தில் விழவில்லை என்பது பிறகு பாரத்தை எடுத்துப் படித்தபோது தெரிந்தது. முழு மாதக் கட்டணம் என்ற வரிக்குக் கீழே கையெழுத்து நம்முடையதுதான். அந்த 9,000-இல் அவர்கள் பக்கம் பிடி இருந்தது. ஆண்டுக் கட்டணத்தில் இல்லை. பாரத்தில் அதற்கு "கல்வியாண்டு தொடக்கத்தில் புதுப்பிக்கும்போது" என்று போட்டிருந்தார்கள். நிறுத்துகிறேன் என்று மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்தவர் எதையும் புதுப்பிக்கவில்லை. அந்த வரியைக் காட்டியதும் 6,000 போய்விட்டது. மீதி 10,500-இல் டெபாசிட் 10,000 கழித்து 500 ரூபாய் கட்டி முடித்தோம். கட்டணம் முழுவதும் கொடுத்தாயிற்று என்பதால் குழந்தை ஏப்ரல் 30 வரை போனான்.

இதே கடிதத்தை மார்ச் 1 அன்று கொடுத்திருந்தால் 30-வது நாள் சரியாக மார்ச் 31. ஏப்ரலே வந்திருக்காது. ஆகவே டெபாசிட் 10,000-ம் அப்படியே திரும்பியிருக்கும். பதினொரு நாள் சோம்பலுக்கு 10,500 ரூபாய். நிறுத்த நினைக்கும் மாதத்தின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிப்ரவரி 28-உடன் முடிக்க வேண்டுமென்றால் கடிதம் ஜனவரி 29-க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியின் குட்டைத்தனம் பலரை இப்படித்தான் மாட்டிவிடுகிறது. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது என்று ஏப்ரல் நடுவில் சாவகாசமாகச் சொல்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணத்தோடு கோடைக்கால முகாம் கட்டணமும் சேர்ந்து வரும். இரண்டும் ஏப்ரல் ஒன்றாம் தேதி பில்லில் தானாக ஏறிக்கொள்பவை.

கடிதம் யாருக்குப் போகிறது என்பதிலும் ஒரு சிக்கல். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக்குறி வரும், பதில் "ஓகே சார்" என்று வரும், கணக்குப் பிரிவுக்கு அது போய்ச் சேராது. எந்த முகவரி என்று பாரத்தில் இருக்கிறதோ அந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரில் போய், நம் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நாங்கள் எழுதியது ஆறே வரி:

"எங்கள் மகன் (சேர்க்கை எண் போட்டு) பள்ளியில் சேர்வதால் இங்கிருந்து நிறுத்துகிறோம். இது இன்றைய தேதியிட்ட 30 நாள் முன்னறிவிப்பு. பராமரிப்பில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கடைசி மாதக் கட்டணத்தில் டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு கணக்கு விவரத்தை எழுத்தில் தாருங்கள். எங்கள் காசோலைகளையும், அழைத்துச் செல்பவர்களின் அடையாள அட்டை நகல்களையும் திருப்பித் தாருங்கள். கேமரா செயலியின் அனுமதியைக் கடைசி நாளன்று நிறுத்திவிடுங்கள்."

நடுவில் "குறையும் இல்லை" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது மரியாதைக்காக எழுதியது அல்ல. ஒரு குழந்தை நின்றால் ஆபீஸ் முதலில் கூப்பிட்டு விசாரிப்பது ஆயாவைத்தான்: "நீங்க ஏதாவது சொன்னீங்களா, அடிச்சீங்களா?" காரணத்தை எழுத்தில் போட்டுவிட்டால் அந்த விசாரணை நடக்காது. அதே காரணத்துக்காக, கடிதம் கொடுத்த அன்று மாலையே ஆயாவிடமும் நேரில் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது.

டெபாசிட்டைக் கடைசி மாதத்தில் கழிக்க மாட்டோம், நீங்கள் கட்டுங்கள், நாற்பத்தைந்து நாளில் காசோலை அனுப்புகிறோம் என்றுதான் முதலில் சொல்வார்கள். குழந்தை வராத இடத்துக்கு டெபாசிட்டுக்காக மூன்று முறை போன் போடுவது யாருக்கும் பிடிக்காத வேலை, அது அவர்களுக்கும் தெரியும். கழித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினால் "பாக்கி ஏதுமில்லை" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால், கணக்கு முடிவான பிறகு அடுத்த ஒன்றாம் தேதிக்கு முன் செயலியில் அந்த ஆணையை நீங்களே ரத்து செய்ய வேண்டும். ஆபீஸ் செய்துவிடும் என்று நம்பினால் மே மாதப் பணமும் போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடாதீர்கள். பேசியும் எழுதியும் டெபாசிட் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இனி அந்த ஐந்து நட்சத்திரம்.

தினம் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வரும். எல்லா டே கேரிலும் வருவதுதான், பெரும்பாலும் "நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான்" என்று ஒரே வரியைக் கார்பன் வைத்தது போல எழுதியிருப்பார்கள். இங்கே ஆயா எழுதியது இப்படி: "11.40 தூக்கம், 1.10 எழுந்தான். பருப்பு சாதம் பாதி, ரசம் ஊத்தினதும் மீதி. கேரட் துப்பிட்டான். இடது காதைத் தேய்க்கிறான், பாருங்க." காது வலியை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, மருத்துவர் சளி என்று சொன்னபோது ஏற்கெனவே நோட்டில் எழுத்து இருந்தது. மேலே சொன்ன 6,500 ரூபாய் சண்டையின் நடுவிலும் அந்த நோட்டு ஒரு நாள்கூட வெறுமையாக வரவில்லை.

அதனால் நன்றிக் கடிதத்தைக் கணக்கிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டோம். பாக்கி முடிந்த பிறகுதான், கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் கொடுத்தோம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு வாசலில் பத்துப் பெற்றோர் நிற்பார்கள், அங்கே கொடுப்பது கொடுத்ததாகாது. கையால், தமிழில், ஆயாவுக்கும் சமையல் அக்காவுக்கும் தனித்தனி உறையில். அச்சடித்த ஆங்கில வாழ்த்து அட்டை கொடுத்தால் அது மேனேஜர் அறைச் சுவருக்குப் போகும், உரியவர் கையில் நிற்காது.

"ஆயாம்மா, உங்க துப்பட்டா நுனியைப் பிடிச்சுக்கிட்டாத்தான் அவன் தூங்குவான்னு கண்டுபிடிச்சது நீங்கதான். வீட்டுல இப்ப ஒரு பழைய துப்பட்டா அதுக்குன்னே இருக்கு. இடது காதைப் பாருங்கன்னு நீங்க எழுதினதாலதான் சீக்கிரம் மருந்து குடுத்தோம். உங்க நோட்டுகளை எடுத்து வெச்சிருக்கோம். அவன் பள்ளிக்கூட யூனிபார்ம்ல ஒரு நாள் உங்களைப் பார்க்க வருவான்."

"அன்பான பராமரிப்புக்கு நன்றி" என்று எழுதினால் அது எந்த ஆயாவுக்கும் பொருந்தும், அதைப் படிப்பவருக்கும் அது தெரியும். அவர் செய்த இரண்டு காரியத்தைச் சொன்னால் போதும். இன்னொரு பிரதியில் அவர்கள் பெயரைப் போட்டு உரிமையாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம், சம்பள உயர்வு பேசும்போது அது ஒரு காகிதமாவது ஆகும். பணமாகக் கொடுக்க நினைத்தால் அங்கே அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், சில இடங்களில் வாங்கினால் வேலை போகும். நாங்கள் இருவருக்கும் ஒரே விலையில் புடவை எடுத்தோம்.

குழந்தையிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, மூன்று வயதில் தேதி புரியாது. மூன்று நாள் முன்பு சொன்னோம். மூன்று நாளும் ஆயாவிடம் போய் அவனே அறிவித்துக்கொண்டிருந்தான்.

நண்பருக்கு இவ்வளவையும் சொல்லி, ஆபீஸுக்கு ஒன்றரை நட்சத்திரம் என்றும் சொல்லிவிட்டு, அங்கேயே சேர்க்கச் சொன்னேன். கையெழுத்துக்கு முன் அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் "கடைசி மாதம் மட்டும் நாள் கணக்கில்" என்று பேனாவால் எழுதி மேனேஜரிடம் சிற்றொப்பம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். போட மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டார். அதே ஆயா இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு, இருந்தால் மறுத்தாலும் சேருங்கள் என்றேன்.