ட்ரிப் சுவிட்சா, விற்றராசா? பாரம் தூக்கும்போது தசைநாண் உணரி செய்யும் வேலை

யாழ்ப்பாணத்து ஜிம்மில், தரையிலிருந்து எடைப் பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் பாதியில் நின்றால், "நரம்பு ஓஃப் பண்ணிப்போட்டுது" என்று சொல்வார்கள். தசைநாணில் இழுவிசையை உணரும் கொல்கி தசைநாண் உறுப்பைத்தான் சொல்கிறார்கள். அது வீட்டு ட்ரிப் சுவிட்ச் போலத் தசையை நிறுத்துமா, அல்லது விற்றராசு போல இழுவிசையை அளந்து மட்டும் சொல்லுமா?

முதலில் அமைப்பு. தசையும் தசைநாணும் சேரும் இடத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளமான உறைக்குள் கொலாஜன் இழைகளும் அவற்றிடையே நரம்பு நுனிகளும் இருக்கின்றன. ஓர் உறுப்பு பத்து முதல் இருபது தசைநார்களுடன் தொடராக இணைந்திருக்கும். நார் சுருங்கும்போது கொலாஜன் இறுகி நரம்பு நுனியை நெரிக்க, முண்ணாணுக்குச் செய்தி போகிறது. மொத்தத் தசைநாணின் எல்லை விசையை அல்ல, தன்னோடு கட்டிய சில நார்களின் இழுப்பையே அது உணர்கிறது.

ட்ரிப் சுவிட்ச் என்ற எண்ணம் பழைய சோதனைகளில் பிறந்தது. சுருங்காத தசையை வெளியிலிருந்து இழுத்தால் அந்த உறுப்பை எழுப்பப் பெரிய விசை தேவைப்பட்டது. ஆகவே ஆபத்தில்தான் விழிக்கும் என்று முடிவெடுத்தார்கள். 1967இல் ஹவுக், ஹென்னமன் என்ற ஆய்வாளர்கள் பூனையின் காலில், தசை தானாகச் சுருங்கும்போது சிறு விசைக்கே அது துடிப்பதைக் காட்டினார்கள். கோப்பையைத் தூக்கினாலும் அது பேசும்.

முண்ணாணில் அந்தச் செய்தி இயக்க நரம்புக்கலத்துக்கு நேரே போவதில்லை. இடைநரம்புக்கலங்கள் வழியாகப் போகிறது; அவற்றை மூளை, தோல், மூட்டு எல்லாம் சேர்ந்து கட்டுப்படுத்துகின்றன. ஓய்வில் அந்த வழி தசையை ஓரளவு தணிக்கும். நாமாக வலிந்து சுருக்கும்போது தணிப்புக் குறைகிறது. பூனை நடக்கும்போது, உடலைத் தாங்கும் காலில் அதே செய்தி தசையைத் தூண்டுவதாகவே மாறுகிறது. நிறுத்தும் சுவிட்ச் இப்படிப் புரண்டு வேலைசெய்யாது.

இனி 140 கிலோ டெட்லிஃப்ட்டைப் பாருங்கள். மூன்றாவது தூக்கலில் பார் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடுகிறது. சுவிட்ச் விழுந்திருந்தால் தசை மின்பதிவு சட்டென அறுந்து, பாரும் கையோடு விழ வேண்டும். உண்மையில் பார் மெதுவாகி நிற்கிறது. தசை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் கைபேசியில் படம் எடுத்தால் பெரும்பாலும் காரணம் தெரியும்: பார் காலை விட்டு முன்னே வந்திருக்கும். 140 கிலோவின் எடை ஏறக்குறைய 1370 நியூட்டன்; அது 5 சென்ரிமீற்றர் விலகினால் இடுப்பில் கிட்டத்தட்ட 69 நியூட்டன் மீற்றர் திருப்பம் கூடும். களைத்த முதுகுக்கு அதுவே போதும். பார் காலை ஒட்டியே வந்தும் நின்றால், மணிக்கட்டைப் பாரோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டிப் பாருங்கள். ஏறிவிட்டால் தோற்றது பிடி.

வீங்கிய முழங்கால் தொடைத் தசையை உண்மையிலேயே அடக்கும். ஆனால் அந்தச் செய்தி கொல்கி உறுப்பிலிருந்து அல்ல, மூட்டிலிருந்து வருகிறது.

சுவிட்ச் என்று நம்புவதில் உள்ள ஆபத்து, ஓர் உள்ளங்கை முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் இருக்கும் கலப்புப் பிடியில் தெரியும். உள்ளங்கை முன்னோக்கிய கையை மடக்கி இழுத்தால் முழங்கையருகே புயத்தசை நாண் அறுந்துபோகலாம். அறுமுன் எந்த உணரியும் அதை நிறுத்துவதில்லை. ஆகவே அந்தக் கையை நீட்டியே வையுங்கள்.