சைனீஸ்ல டைரி: நோட்டும் பேனாவுமா, போன்ல பின்யின் டைப்பிங்கா?

வேலைக்காக சீனாவுல இருக்கற செங்டு வந்ததும் முதல் வாரத்த சைனீஸ்லயே டைரியா எழுதிப் பாக்கலாம்னு ஆரம்பிச்சேன். நோட்டுல கையால எழுதுறது, போன்ல பின்யின், அதாவது சைனீஸ் உச்சரிப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு, லிஸ்ட்ல வர்ற சீன எழுத்த தேர்ந்தெடுக்குறது, ரெண்டையும் செஞ்சு பாத்துட்டு இப்ப போன்லயே நின்னுட்டேன். அதனால இது நடுநிலையான அலசல்லாம் இல்ல, முன்னாடியே சொல்லிடுறேன்.

வேகம், எங்க வேணா எழுதலாம், தேடி எடுக்கலாம், இதுலலாம் போன் தான் ஜெயிக்கும், அத பேச வேண்டியதில்ல. கையால எழுதுனா எழுத்து மனசுல நிக்கும்ங்கறதும் உண்மை தான். சீனாக்காரங்களே வருஷக்கணக்கா போன்ல அடிச்சு அடிச்சு, பேனா எடுத்தா எழுத்து மறந்து போய் நிக்கிறாங்க, அதுக்குன்னே 提笔忘字 னு நாலு எழுத்துல ஒரு பேரும் வெச்சிருக்காங்க.

எனக்கு முடிவு பண்ண வெச்சது வேற விஷயம். அன்னைக்கு நடந்தது டைரிக்குள்ள வருதா இல்லையா, அவ்ளோதான்.

ஒரு நாள எடுத்துக்கங்க. ஹோட்டல்ல தங்காம வீடு எடுத்து தங்குற வெளிநாட்டுக்காரங்க வந்து 24 மணி நேரத்துக்குள்ள அந்த ஏரியா போலீஸ் கிட்ட பதிவு பண்ணணும், இது 2013 ஜூலைல அமலுக்கு வந்த சட்டத்துலயே இருக்கு. ஆக முதல் வாரத்துல யாருக்கும் தப்பாத வேலை இது. வீட்டுக்காரம்மா அட்வான்ஸ வாங்கிட்டு, என்னை கூட்டிட்டு போய் பதிவு பண்ணி விட்டாங்க. நோட்டுல அன்னைக்கு வந்தது இது:

今天很忙。我去了很多地方。我很累。

இன்னைக்கு பிஸி, நிறைய இடம் போனேன், டயர்டா இருக்கு. இலக்கணத்துல ஒரு தப்பு கிடையாது, ஆனா இந்த மூணு வரிய எந்த ஊர்ல எந்த நாள் வேணா எழுதலாம். அதே நாள் போன்ல:

房东收了押金，然后带我去派出所登记。

வீட்டுக்காரம்மா, அட்வான்ஸ், போலீஸ் ஸ்டேஷன், பதிவு, நாலும் உள்ள வந்துடுச்சு. நாலுமே பாத்தா படிக்கத் தெரியும், காதுல விழுந்தா புரியும், ஆனா 登 ங்கற எழுத்துக்கு பன்னெண்டு கோடு, அத ராத்திரி களைச்சு போய் நினைவுலேர்ந்து போடறது நடக்காத காரியம். பேனா பிடிச்சா கை எழுதத் தெரிஞ்சத நோக்கியே மனசு போகுது, நூடுல்ஸ் சாப்ட்டேன், மெட்ரோல போனேன், தூங்கினேன். புது ஊரோட முதல் வாரத்துல வர்ற வார்த்தைங்க எல்லாம் சிம் கார்டு, வாடகை, பதிவுன்னு ஆஃபீஸ் வார்த்தைங்க, பாடப்புத்தகத்து முதல் பாடங்கள்ல அது எதுவும் இருக்காது.

இது என் சோம்பேறித்தனத்துக்கு சாக்கு இல்ல. 2021ல வந்த சீன மொழித் தர வரையறைலயே ஆரம்ப மட்டத்துக்கு 900 எழுத்து அடையாளம் தெரியணும், அதுல கையால எழுத 300 போதும்னு பிரிச்சுதான் வெச்சிருக்காங்க. அந்த 300க்குள்ள ஒரு வாரத்த அடைக்கப் பாத்தா வாரம் சுருங்கிப் போகும்.

நோட்டுக்காரங்க இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்காங்க, தெரியாத எழுத்துக்கு பதிலா பின்யின எழுதிட்டு போ, சீனாவுல ஒண்ணாங்கிளாஸ் பசங்க அப்படித்தான் எழுதறாங்கன்னு. நல்ல வழி தான், அதுவும் குரல் ஏத்த இறக்கத்த காட்டுற தொனிக் குறியோட எழுதுனா போன் தராத ஒண்ண அது தருது, ஏன்னா போன்ல தொனி போடாமலே அடிக்கறோம், எந்த தொனின்னு தெரியலன்னாலும் எழுத்து வந்துடும். ஆனா அந்த பின்யின் ஓட்டைங்கள திரும்பி வந்து நிரப்புறவங்க எத்தன பேரு இருப்பாங்கன்னு எனக்கு சந்தேகம்.

போன் பக்கம் இருக்கற ஆபத்தையும் சொல்லணும், சின்னதில்ல. பேனால தப்பு பண்ணா எழுத்து கோணலா நிக்கும், பாத்ததும் தெரியும். போன்ல தப்பு அச்சடிச்ச மாதிரி அழகா உக்காந்திருக்கும். 买 ன்னா வாங்குறது, 卖 ன்னா விக்கிறது, ரெண்டுக்கும் அடிக்கறது mai தான், தொனி மட்டும் வேற. லிஸ்ட்ல தப்பானத தொட்டா கடைக்கு போய் அரிசி வித்தேன்னு டைரி சொல்லும், கண்ணுக்கு ஒண்ணும் உறுத்தாது. இதுக்கு போன்லயே இருக்கற உரக்க வாசிக்கிற வசதிய போட்டு கேளுங்க, தொனி மாறினா காதுல மாட்டும். ஆனா 坐地铁 ங்கற எடத்துல 做地铁 னு விழுந்திருந்தா காதும் கைவிட்டுடும், ரெண்டுக்கும் தொனி கூட ஒண்ணு தான். அதுக்கு வழி, ஒத்த எழுத்தா அடிக்காம zuoditie ன்னு சேத்து அடிக்கறது. அப்ப மெட்ரோல போறதுக்கு பொருத்தமான எழுத்தையே கீபோர்டு முன்னாடி கொண்டு வரும்.

செங்டுல இன்னொரு சிக்கல் இருக்கு. இங்க ஊர்ப் பேச்சுல zh, ch, sh எல்லாம் நாக்க மடிக்காம z, c, s ஆயிடும், eng கேக்க en மாதிரி இருக்கும். அந்த 登记 க்கு சரியான பின்யின் dengji, வீட்டுக்காரம்மா வாய்ல வர்றது தென்ஜி. காதுல விழுந்தபடி denji ன்னு அடிச்சா பெரும்பாலும் வார்த்தை வராது. சீன கீபோர்டு செட்டிங்ஸ்ல 模糊音 னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணி en, eng ரெண்டும் ஒண்ணுன்னு டிக் பண்ணா denji க்கும் 登记 வந்துடும். முதல் வாரம் ஆன்ல வெச்சுக்கங்க, இல்லன்னா எதையுமே எழுத முடியாம கடுப்பாயிடுவீங்க. அப்புறம் ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா அது ஆன்ல இருக்கற வரைக்கும் ன், ங் வித்தியாசம் உங்களுக்கு வரவே வராது. ஆஃப்ல இருந்தா தப்பா அடிச்ச உடனே பெரும்பாலும் லிஸ்ட்ல அந்த வார்த்தை வராம காட்டிக் கொடுக்கும், எந்த வாத்தியாரும் அவ்ளோ உடனே திருத்த மாட்டாங்க. இந்த ஒரு விஷயத்துல பேனா கிட்டயே வர முடியாது.

இலக்கணத்துல ரெண்டுமே கைகொடுக்காது. டைரின்னா எல்லாமே முடிஞ்சு போன விஷயம், தமிழ்ல ஒவ்வொரு வினைக்கும் இறந்தகாலம் போட்டே பழகினதால நாம பாக்குற வினைக்கெல்லாம் 了 ஒட்டிடுவோம். போகலன்னு சொல்ல 没去 போதும், அங்க 没去了 வராது. டயர்டா இருந்துச்சுன்னு சொல்லவும் சும்மா 很累 தான். இத கீபோர்டும் சொல்லாது, நோட்டும் சொல்லாது, ஆள் யாராவது பாத்து திருத்தணும். அப்படி ஆள் கிட்ட காட்டறதுக்கும் போன் தான் சுலபம், மெசேஜ்ல தட்டி விட்டா வரிய அப்படியே திருத்தி அனுப்பிடுவாங்க.

நோட்ட நான் முழுசா விட்டுடல. சீன டைரில முதல் வரி தேதி, கிழமை, வானிலைன்னு வரும், பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான் பழக்குவாங்க. அந்த ஒரு வரிய மட்டும் தினமும் கையால எழுதறேன்:

9月3日 星期三 阴

கடைசி எழுத்து மேகமூட்டம். செங்டு இருக்கற சிச்சுவான்ல சூரியன் வந்தா நாய் குரைக்கும்னு பழமொழியே உண்டு, அதனால அந்த எழுத்து மட்டும் இப்ப தூக்கத்துல கூட வரும். அதுக்கு கீழ, அன்னைக்கு போன்ல அடிச்சதுல இனி திரும்பத் திரும்ப தேவைப்படும்னு தோணுற ஒரே ஒரு வார்த்தைய பாத்து எழுதி வெப்பேன், அதுக்கு மேல இல்ல.

எச்எஸ்கேங்கற சீன மொழிப் பரீட்சைய பேப்பர்ல எழுதப் போறவங்களுக்கு இந்த கணக்கு மாறும்னு நினைக்கறேன், நான் அதுக்கு தயார் பண்ணி பாத்ததில்ல. கம்ப்யூட்டர்ல எழுதற வகையும் இருக்கு, அதுல பின்யின் தான் அடிக்கணும், அதுக்கு போறீங்கன்னா நோட்டு வாங்கற காச மிச்சம் பண்ணுங்க.