குர்த்திக்குக் கீழே எது? முதலில் சைடு ஓப்பனைப் பாருங்கள்

போன மாதம் 44 இன்ச் நீளத்தில் கருநீலக் காட்டன் குர்த்தி ஒன்று வாங்கினேன். நேர் வெட்டு, இரண்டு பக்கமும் ஓப்பன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கீழே என்ன போடுவது என்ற யோசனையே வந்தது. அலமாரியில் இருந்த லெக்கிங்ஸ், சுடிதார், பலாஸோ, ஸ்ட்ரெயிட் பேன்ட் நாலையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன்.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். தோளிலிருந்து தரை வரை டேப் வைத்தால் 53 இன்ச் வருகிறது, முட்டிக்கு 36. அதனால் இந்தக் குர்த்தி கெண்டைக்காலில் வந்து நிற்கும், கீழே 9 இன்ச் மிச்சம். சைடு ஓப்பன் தோளிலிருந்து 20 இன்ச்சில் ஆரம்பிக்கிறது. இடுப்பின் அகலமான இடத்துக்கு அது மேலே என்பதுதான் விஷயம்.

முதலில் லெக்கிங்ஸ். நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நாலு அடி நடந்ததும் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக விலகி, இடுப்பிலிருந்து தொடை வரை பக்கவாட்டில் அப்படியே தெரிந்தது, உள்ளாடைக் கோடு உட்பட. போதாததற்கு, காட்டன் துணி பின்னல் துணியில் ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழுந்தால் பின்னால் மேலேறி நிற்கிறது. இதற்கு ஒரு வழி உண்டு. டெய்லரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் 3 இன்ச் மூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு மேல் மூடினால் ஸ்கூட்டியில் உட்காரும்போது இடுப்பில் இழுத்துப் பிடிக்கும், தையலும் விடும். லெக்கிங்ஸ் வாங்கும்போது கையை உள்ளே விட்டு விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், கையின் நிறம் தெரிந்தால் அதை நீளமான, ஓப்பன் இல்லாத குர்த்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுடிதார் கால் வடிவில் லெக்கிங்ஸ் மாதிரிதான், ஆனால் நெய்த துணி, உடம்போடு ஒட்டாது, அதனால் ஓப்பன் வழியாகத் தெரிந்தாலும் அவ்வளவு உறுத்தவில்லை. கணுக்காலில் விழும் சுருக்கம்தான் இதன் அழகே, அது தெரிய கீழே இடம் வேண்டும், இந்த 9 இன்ச் அதற்குச் சரியாக இருந்தது. அப்புறம் எங்கே சிக்கல் என்றால், தைப்பதில். துணியைக் க்ராஸாக வெட்டினால்தான் சுடிதார் கொஞ்சம் இழுபடும். துணியை மிச்சம் பிடிக்க நேராக வெட்டிவிட்டால் கெண்டைக்காலில் இறுகி, தரையில் சம்மணமிட்டால் முட்டியிலோ கவட்டிலோ கிழியும். முட்டிப் பக்கம் இரண்டு கையால் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், கொஞ்சமும் கொடுக்கவில்லை என்றால் அது நேர் வெட்டு. எனக்கு அப்படி ஒன்று போய்விட்டது, அதுவும் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில்!

பலாஸோதான் என்னை ஏமாற்றியது. வசதி என்று நினைத்துப் போட்டால், இடுப்பிலேயே துணி உப்பியிருப்பதால் மேலே நேராக விழ வேண்டிய குர்த்தி பக்கவாட்டில் கூடாரம் போல விரிந்தது. கீழே தெரியும் 9 இன்ச்சும் அகலத் துணி, நான் இன்னும் குள்ளமாகத் தெரிந்தேன். அதே பலாஸோவை முட்டிக்கு மேலே நிற்கும் 34 இன்ச் ஒல்லிக் குர்த்தியோடு போட்டால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. மேலே ஒடுக்கம், கீழே அகலம் என்றால் சரி, இரண்டும் அகலம் என்றால் உடம்பு எங்கே என்று தேட வேண்டும். ஏ-லைன், அனார்கலிக்குக் கீழே நான் பலாஸோவைத் தொடுவதே இல்லை.

கடைசியில் நின்றது ஸ்ட்ரெயிட் பேன்ட். இடுப்பில் முன்பக்கம் தட்டையாக, பின்னால் மட்டும் எலாஸ்டிக். அதனால் குர்த்தி உப்பவில்லை. ஓப்பன் விலகினாலும் தெரிவது ஒரு பேன்ட், அவ்வளவுதான். தரைக்கு 3 இன்ச் மேலே முடிவதால் குர்த்திக்குக் கீழே 6 இன்ச் பேன்ட் தெரிகிறது. கால் வாய் சுற்றளவு 13 இன்ச், அதைவிட ரொம்ப அகலமாக இருந்தால் அது பலாஸோவும் இல்லை பேன்ட்டும் இல்லை என்று நடுவில் தொங்கும். ஒரே குறை, நல்ல துணியாக இல்லாவிட்டால் முட்டி தொங்கிப்போகிறது, மாலைக்குள் தெரிந்துவிடும்.

30 இன்ச் குட்டைக் குர்த்திக்கும் இதுவேதான் என் கை போகும் இடம், லெக்கிங்ஸ் வேண்டாம். கணுக்கால் வரை வரும் அனார்கலிக்கோ சுருக்கமே வெளியே தெரியாது, அதற்குச் சுடிதார் தைக்கும் கூலி வீண், லெக்கிங்ஸ் போதும், யார் பார்க்கப் போகிறார்கள்?