14 நாள் கணக்கா, எண்கள் காட்டும் அறிகுறியா? விளம்பரப் படத்தை எப்போது மாற்றுவது

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் ஒரே படத்தை ரொம்ப நாள் ஓட்டினால் பார்ப்பவர்களுக்கு அலுத்துப்போகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எப்போது மாற்றுவது என்பதில்தான் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 14 நாளுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது. இன்னொன்று, வாராவாரம் எண்களைப் பார்த்து, அலுப்பின் அறிகுறி தெரிந்தால் மட்டும் மாற்றுவது. முதல் வழியில் ஏழெட்டு மாதம் போனேன். இப்போது இரண்டாவது வழிக்கு வந்துவிட்டேன். என்னைத் திருப்பியது இரண்டு கணக்குகள். ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அக்கா நடத்தும் ஆரி வேலைப்பாடு வகுப்பு. மற்றொன்று புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விருந்தினர் இல்லம்.

நாள் கணக்கின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். படம் எடுப்பவருக்குத் தேதி முன்பே தெரியும். கடைக்காரருக்கும் 'ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுசு வரும்' என்ற நிம்மதி உண்டு. ஒருவரே இருபது முப்பது கணக்குகளைப் பார்க்கும் இடத்தில் இது பெரிய வசதி. ஆனால் 14 நாள் என்ற கணக்குக்கும், விளம்பரத்தைப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு நேரில் வர வேண்டும் என்பதால் 15 கிலோமீட்டர் வட்டம் போட்டோம். வரைபடத்தில் அந்த வட்டத்தைப் பார்த்தால் பாதிக்குக் கிட்ட வங்காள விரிகுடா. மிச்சப் பாதியில் திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், நெல்லிக்குப்பம், சுற்றுக் கிராமங்கள். அதிலும் 20 முதல் 45 வயதுப் பெண்கள் மட்டும். ஆக, விளம்பரம் போய்ச் சேரக்கூடிய கூட்டமே சிறியது. விருந்தினர் இல்லத்துக்கோ ஆட்கள் இருப்பது சென்னையிலும் பெங்களூரிலும். நாங்கள் செலவிடும் பணத்துக்கு அந்தக் கூட்டத்தின் ஓரத்தைக்கூடத் தொட முடியாது. இந்த இரண்டுக்கும் ஒரே 14 நாள் எப்படிப் பொருந்தும்?

வகுப்பின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரே போஸ்டர், நாளுக்கு 400 ரூபாய், வாரத்துக்கு 2,800. வாட்ஸாப்பில் விசாரணை வருவதுதான் இலக்கு. முதல் வாரம் விளம்பரம் காட்டப்பட்டது 46,000 முறை, அதுதான் இம்ப்ரெஷன். பார்த்தவர்கள் 29,000 பேர், அதுதான் ரீச். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.6 வரும். அதுதான் ஃப்ரீக்வென்சி, அதாவது ஒரு பெண் அந்த வாரத்தில் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பது. பார்த்தவற்றில் தட்டியவை எவ்வளவு என்று சொல்லும் சிடிஆர் 1.8 சதவீதம். விசாரணை 58, ஒன்றுக்கு 48 ரூபாய். இரண்டாம் வாரம் ஃப்ரீக்வென்சி 2.1, சிடிஆர் 1.6, விசாரணைக்கு 52 ரூபாய். இதுவரை கவலை இல்லை. மூன்றாம் வாரம் ஃப்ரீக்வென்சி 2.8, சிடிஆர் 1.05. விசாரணை 34 மட்டுமே, ஒன்றுக்கு 82 ரூபாய். அந்த வாரம்தான் அக்காவும் போனில் சொன்னார்: "அதே போஸ்டர்தான் திரும்பத் திரும்ப வருதுன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணே சொல்லுது தம்பி."

இதில் என் கண்ணைத் திறந்த எண் வேறு ஒன்று. முதல் வாரமே 29,000 பேரைத் தொட்டுவிட்டோம். மூன்று வாரம் சேர்த்துப் பார்த்தால் மொத்த ரீச் 34,000. அதாவது அடுத்த இரண்டு வாரப் பணத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஐயாயிரம் பேர்தான். மிச்சமெல்லாம் முன்பே பார்த்தவர்களுக்கே மறுபடியும் போயிருக்கிறது.

எண்களைப் படிப்பதில் மூன்று இடங்களில் தடுமாறலாம். மூன்றிலும் நான் தடுமாறியிருக்கிறேன். முதலாவது, ஃப்ரீக்வென்சியை விளம்பரம் தொடங்கிய நாளிலிருந்து சேர்த்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும், எல்லா விளம்பரமும் நோயாளியாகத் தெரியும். ஏழு நாளை ஏழு நாளோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டாலும் ஏமாறுவோம். விருந்தினர் இல்லத்துக்கு வியாழன், வெள்ளியில் குவியும் விசாரணை திங்களன்று வராது. இரண்டாவது, எல்லாத் தட்டலையும் எண்ணும் சிடிஆரைப் பார்ப்பது. அதில் லைக்கும், 'மேலும் படிக்க' என்பதைத் தட்டுவதும்கூடச் சேர்ந்துவிடும். இணைப்பைத் தட்டியவர்களை மட்டும் எண்ணும் சிடிஆரைத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, செலவு ஏறினாலே அலுப்பு என்று நினைப்பது. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆகும் செலவை, அதாவது சிபிஎம்மை, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்பின் கணக்கில் அது மூன்று வாரமும் 60 ரூபாயைச் சுற்றியே இருந்தது. போட்டி கூடவில்லை, தட்டுவதுதான் குறைந்தது. ஆகவே அது அலுப்பு. தீபாவளிக்கு முன் நடப்பது இதற்கு நேர் எதிர். எல்லாத் துணிக்கடையும் விளம்பரத்தில் இறங்குவதால் சிபிஎம் ஏறும், சிடிஆர் அப்படியே நிற்கும், விசாரணையின் செலவு கூடும். அந்த நேரத்தில் படத்தை மாற்றினால் ஒரு பயனும் இல்லை. படத்தின்மேல் குற்றமே கிடையாதே.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா தானாகவே எச்சரிக்குமே என்று சிலர் கேட்பார்கள். எச்சரிக்கும். பழைய விளம்பரங்களைவிட ஒரு விசாரணைக்கு ஆகும் செலவு கூடினால் Creative limited என்றும், இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆனால் Creative fatigue என்றும் காட்டும். எங்கள் கணக்கில் 48 ரூபாய் 82 ஆனது இன்னும் இரண்டு மடங்கைத் தொடவில்லை. அந்த இரண்டாவது எச்சரிக்கைக்காகக் காத்திருந்தால் இன்னும் ஒரு வாரப் பணம் போயிருக்கும்.

இப்போது புதுச்சேரிக் கணக்குக்கு வருகிறேன். நாள் கணக்கை நான் கைவிட்டதே இதனால்தான். நாளுக்கு 600 ரூபாய் ஓடியது. மாடி முற்றத்தில் காலை வெயில் விழும் ஒரு சின்ன வீடியோ. ஒரு விசாரணைக்கு 80 ரூபாய், வாரத்துக்கு 52 விசாரணை. 14 நாள் முடிந்ததும் முறைப்படி அதை நிறுத்திவிட்டு, புதிதாக எடுத்த அறைப் படங்களைப் போட்டேன். அப்போது ஃப்ரீக்வென்சி 1.2. சிடிஆர் இறங்கவே இல்லை. யாருக்கும் அலுக்காத ஒரு விளம்பரத்தை, தேதி வந்துவிட்டது என்பதற்காக நிறுத்தினேன்.

இதில் இழப்பது ஒரு நல்ல வீடியோவை மட்டும் இல்லை. ஓடும் ஆட் செட்டில், அதாவது ஒரே ஆட்களுக்குக் காட்டும் விளம்பரங்களின் தொகுப்பில், படத்தை மாற்றினாலும், புதிய விளம்பரத்தைச் சேர்த்தாலும், அது மறுபடி கற்கும் கட்டத்துக்குள் போய்விடும். யாரிடம் காட்டினால் விசாரணை வரும் என்று மெட்டா முதலிலிருந்து தேடும். அதிலிருந்து வெளியே வர, ஏழு நாளில் சுமார் 50 விசாரணை தேவை. பெரிய பட்ஜெட்டுக்கு இது ஓரிரு நாள் வேலை. எங்கள் 600 ரூபாய்க்கு ஒரு வாரம் முழுக்க வேண்டும், அதுவும் எல்லாம் நன்றாக நடந்தால். அறைப் படங்களுக்கு விசாரணை ஒன்றுக்கு 130 ரூபாய் ஆனது. வாரத்துக்கு 32தான் வந்தது. கற்றல் முடியும் அளவுக்கு விசாரணை வரவில்லை என்பதற்கான Learning limited என்ற குறிப்பைக் காட்டிக்கொண்டே ஓடியது. பத்து நாள் பொறுத்துவிட்டு பழைய வீடியோவைத் திரும்ப ஓடவிட்டேன். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்ததைத் திரும்பத் தொடங்கினாலும் கற்றல் முதலிலிருந்துதான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரே முடிவுக்கு இரண்டு முறை விலை கொடுத்தோம்.

14 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம், ஒவ்வொரு முறையும் கற்க ஏழு நாள் போகிறது என்றால், மாதத்தில் பாதி நாள் பணம் கற்றலுக்கே போகிறது. சிறிய பட்ஜெட்டில் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். வசதி, ஒழுங்கு எல்லாம் இதற்கு அப்புறம்தான். அந்த வீடியோ திரும்பி வந்தபின் ஏழு வாரம் ஓடியது, வார ஃப்ரீக்வென்சி 1.3-ஐத் தாண்டவில்லை.

சரி, அறிகுறி வழியில் எப்படித் திட்டமிடுவது? மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால் மாற்றுகிறேன். வார ஃப்ரீக்வென்சி 2.5-ஐத் தாண்ட வேண்டும். சிடிஆர் முதல் இரண்டு வாரச் சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். சிபிஎம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. இவை என் கணக்குகளில் பார்த்து நானே வைத்துக்கொண்ட எல்லைகள், மெட்டாவின் விதி இல்லை. முன்பே விசாரித்தவர்களுக்குத் திரும்பக் காட்டும் விளம்பரங்கள் இன்னும் அதிக ஃப்ரீக்வென்சியைத் தாங்கும். அப்படி ஒன்றே ஒன்றைத்தான் நான் ஓட்டியிருக்கிறேன் என்பதால் அதற்கு எண் சொல்ல மாட்டேன். வெப்சைட்டில் நேரடியாகப் பொருள் விற்கும் பெரிய கணக்குகளுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி வழியின் பலவீனம், அறிகுறி தெரியும் அன்று கையில் புதுப் படம் இல்லாமல் போவது. அங்கேதான் நாள் கணக்கின் நல்ல பாதியை எடுத்துக்கொண்டேன். தயாரிப்பு தேதிப்படி நடக்கும், மாற்றுவது மட்டும் அறிகுறிப்படி. வகுப்பின் விளம்பரத்துக்கு மூன்று வார ஆயுள் என்று தெரிந்துவிட்டதால், இரண்டாம் வார முடிவில் அடுத்த இரண்டு மூன்று வீடியோக்கள் தயாராக இருக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் ஒரே நாளில் சேர்த்து ஏற்றுகிறேன், அப்போது கற்றல் ஒருமுறைதான் முதலுக்குப் போகும். விருந்தினர் இல்லத்துக்குப் பருவத்துக்கு ஒருமுறை படம் எடுத்தால் போதும்.

புதிது என்றால் உண்மையிலேயே புதிதாக இருக்க வேண்டும். வகுப்பின் போஸ்டரில் பின்னணியை சிவப்பிலிருந்து பச்சையாக மாற்றி நான்கு நாள் ஓட்டினோம். சிடிஆர் அசையவில்லை. அப்புறம் இரண்டு வீடியோ எடுத்தோம். ஒன்றில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் ஊசி ஓடும் கை மட்டும். மற்றொன்றில் பயிற்சி முடித்த ஒரு பெண், தான் தைத்த முதல் கல்யாண ரவிக்கையைக் காட்டிப் பேசுகிறார். முதல் வாரமே சிடிஆர் 1.6, விசாரணைக்கு 57 ரூபாய். ஆட் செட்டின் ஃப்ரீக்வென்சியோ 2.4-லேயே நின்றது. பார்ப்பது அதே கடலூர்ப் பெண்கள்தானே. ஆனால் விளம்பரம் விளம்பரமாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வீடியோவின் ஃப்ரீக்வென்சியும் அதைவிடக் குறைவு. ஆகவே எந்தப் படம் அலுத்தது என்று தெரிய விளம்பர மட்டத்தில் பாருங்கள். கூட்டமே தீர்ந்துவிட்டதா என்று தெரிய ஆட் செட் மட்டத்தில் பாருங்கள். புதுப் படம் போட்டும் சிடிஆர் எழவில்லை என்றால் வட்டத்தைப் பெரிதாக்கும் நேரம். எங்கள் அடுத்த ஆட் செட்டில் பண்ருட்டியையும் குறிஞ்சிப்பாடியையும் சேர்த்திருக்கிறோம். பேருந்தில் வரக்கூடியவர்களுக்காக வகுப்பு நேரத்தைக் காலை பத்தரைக்கு மாற்ற அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.